கை காலியாக இருக்கிற சிவன்: வீணையா, வில்லா?

காவிரிக்கரை:
போன மாதம் ஓர் அருங்காட்சியகத்தில் நாலு கைச் சோழர்காலச் சிவன் ஒருவரிடம் மாட்டிக்கொண்டேன். பின்கைகளில் மழு, மான். முன்கைகள் இரண்டும் எதையோ பிடித்த மாதிரி விரல் மடக்கியிருக்கின்றன, ஆனால் பிடித்த பொருளைத்தான் காணோம். அட்டையில் வில்லேந்திய திரிபுராந்தகர் என்று போட்டிருந்தது, கூட வந்த மாமாவோ வீணை ஏந்திய வீணாதரர் என்று அடித்துச் சொன்னார். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

செந்தூரன்:
மழுவும் மானும் இருந்தால் சந்திரசேகரர்தானே? எங்கள் ஊர் உற்சவர் அப்படித்தான்.

வார்ப்புப்பித்தன்:
பாதி சரி. மழுவும் மானும் சிவனின் பல வடிவங்களுக்குப் பொது, அதை வைத்துச் சிவன் என்று சொல்லலாம், எந்தச் சிவன் என்று சொல்ல முடியாது. சந்திரசேகரர் வளைவில்லாமல் நேராக நிற்பார், முன் வலக்கை அபயம் காட்டும். காவிரிக்கரை பார்த்தவருக்கு இரண்டு முன்கையும் பிடிக்கிற கை, அதனால் அவர் இல்லை.

நான் செய்வது இது. மனதுக்குள் ஒரு நீளக் குச்சியை எடுத்து இரண்டு கை விரல்களுக்குள்ளும் செருகிப் பார்ப்பேன். வீணைத் தண்டு உடம்புக்குக் குறுக்கே சாய்வாகப் போகும், இடக்கை மேலே, வலக்கை இடுப்புப் பக்கம் கீழே, ஒரே குச்சி இரண்டிலும் பொருந்த வேண்டும். வில் என்றால் இடக்கை மட்டும் உடம்பை விட்டு விலகி உயரும், வில் அங்கே நிமிர்ந்து நிற்கும், வலக்கை அம்பை நுனிவிரலால் பிடிக்கிற தனி வேலை. குச்சி பொருந்தாது. ஆனால் விரல் உடைந்திருந்தாலோ பிற்காலத்தில் கையை ஒட்டவைத்திருந்தாலோ இந்தச் சோதனை காலை வாரிவிடும், எனக்கே இரண்டு முறை வாரியிருக்கிறது.

பொருள் தொலைந்தாலும் உடம்பு அதை ஞாபகம் வைத்திருக்கும். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் 1011-ஐச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறாரே, காளை இல்லை, இருந்தும் வலக்கை காற்றில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தாலே அங்கே ஒரு காளை தெரியும்.

மல்லிகா_அக்கா:
நீங்கள் கையைச் சொல்கிறீர்கள், எனக்குக் கால்தான் உதவியது. பாட்டி எங்கள் கோயில் உற்சவர் ஒருவரைப் பைரவர் என்றே கும்பிட்டு வந்தார், பக்கத்தில் நாய் நிற்கிறதாம். பட்டும் மாலையும் போட்டால் முகமும் மேல் கையும்தானே தெரியும்! ஒருநாள் திருமஞ்சனத்தின்போது கிட்டே நின்றேன். ஆடை இல்லாத மேனி, இடுப்பில் பாம்பு, காலில் பாதக்குறடு, கையை எட்டித் துள்ளுகிற அந்த 'நாய்'க்குக் கொம்பு. மான்! பிச்சைக்குப் போகிற கோலத்துச் சிவன், பிட்சாடனர். பாட்டியிடம் சொன்னேன், "எனக்கு அவர் பைரவர்தான்டி" என்றார்.

காவிரிக்கரை:
எடுத்த படத்தில் குச்சியை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறையப் பொருந்துகிறது, அப்போது மாமா சொன்னது சரியோ? ஆனால் காலடியில் முயலகன் என்கிற குள்ள அசுரன் இருக்கிறான், அது திரிபுராந்தகருக்குத்தானே?

வார்ப்புப்பித்தன்:
முயலகனை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். பக்கவாட்டில் எடுத்த படம் இருக்கிறதா? முன்னாலிருந்து பார்த்தால் இடக்கை உடம்பை விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று தெரியாது.

காவிரிக்கரை:
இல்லை. அடுத்த வாரம் மறுபடி போகிறேன், மாமாவை விட்டுவிட்டு.