ரேட்டிங் குறைந்த கம்பெனி எஃப்டி: இப்போதே உடைக்கலாமா?

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். பச்சைத் தேயிலை விற்றுச் சேர்த்த ஆறு லட்சத்தை அப்பா ஒரு நிதி நிறுவனத்தில் மூன்று வருட டெபாசிட்டாகப் போட்டார். 2024 அக்டோபரில் போட்டது, 8.6% வட்டி, முதிர்வில்தான் மொத்தமும் வரும். அப்போது ரேட்டிங் டபுள் ஏ. இப்போது சிங்கிள் ஏ, அவுட்லுக் நெகட்டிவ்.

ஏஜென்ட்டிடம் கேட்டேன், "இதுவரை யாருக்கும் வட்டி நிற்கவில்லை" என்கிறார். ரேட்டிங் நிறுவனத்தின் அறிக்கையைப் படித்தேன். வாராக்கடன் கூடியிருக்கிறது, அடுத்த வருடம் பெரிய வங்கிக் கடன்களைப் புதுப்பித்தாக வேண்டும் என்கிறது. எனக்கு இதுதான் பயம்.

உடைத்தால், வைத்திருந்த காலத்துக்கான வட்டியில் 2% பிடிப்பார்கள். ஒரு வருட வட்டி 7.5%, எனவே கிடைப்பது 5.5%. வருடத்துக்குச் சுமார் 18,600 ரூபாய் குறையும். ஆனால் வங்கி டெபாசிட்டுக்கு உள்ள ஐந்து லட்சம் காப்பீடு இதற்குக் கிடையாது. டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் நிறுவனம் 2019 தொடக்கத்தில் டிரிபிள் ஏ, ஜூனில் டி, அதாவது கடனைக் கட்டத் தவறிய நிலை. அதற்கு முன்பே, மே மாதத்தில், இடையில் பணம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் ரேட்டிங் இன்னும் இறங்கட்டும் என்று காத்திருக்க மனம் வரவில்லை.

தம்பி, ஆன்லைன் தளம் வழியாக ஆட்களுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கும் பி2பி-யில் 12% வருமாம் என்கிறான். அங்கே கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நஷ்டம் முழுக்க நமக்கு, அதனால் வேண்டாம் என்றுவிட்டேன்.

இந்த நிலையில் டெபாசிட்டை இப்போதே உடைப்பீர்களா, 2027 அக்டோபர் வரை வைத்திருப்பீர்களா?