கண் பரிசோதனை முகாமுக்கு மூன்று நினைவூட்டல்கள்: எந்த நாளில் அனுப்புவது, என்ன எழுதுவது?

வாசகசாலைச் செயலர், கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகசாலையில் பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். கோயம்புத்தூரிலிருந்து மருத்துவக் குழு வருகிறது. கண்புரை இருப்பதாகத் தெரிபவர்களை அன்று மதியமே மருத்துவமனைப் பேருந்தில் அறுவை சிகிச்சைக்கு அழைத்துச் செல்வார்கள். வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்திலிருந்தும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் உள்ள கோபாலபுரம் பக்கத்திலிருந்தும் பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

சென்ற முகாமுக்கு முந்தைய நாள் இரவு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் வழியாக ஒரே ஒரு செய்தி அனுப்பப்பட்டது. பதிவு செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களிலும் சிலர் துணையின்றி வந்ததால் அறுவை சிகிச்சைக்குத் தேர்வாகியும் பேருந்தில் ஏற முடியவில்லை. இம்முறை முதல், இரண்டாம், இறுதி நினைவூட்டல் என மூன்றாகப் பிரிக்க நினைக்கிறோம். எந்தெந்த நாளில், எந்தச் சொற்களில் அனுப்புவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

வேலந்தாவளம் கடைக்காரர்

ஐயா, என் கருத்தில் முந்தைய நாள் மாலை அனுப்பும் ஒன்றே போதும். ஒரு வாரத்துக்கு முன்பு சொன்னதை நம் ஊரில் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. கடையில் நெல் கொள்முதல் நாளைச் சொல்லும்போதும் இதைத்தான் பார்க்கிறேன். மூன்று முறை அனுப்பினால் மூன்றாவதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

முகாம் ஒருங்கிணைப்பாளர், பொள்ளாச்சி

மறந்துவிடுவார்கள் என்பதில் கடைக்காரர் ஐயா சொல்வது சரிதான். ஆனால் நெல் கொள்முதலுக்கு மூட்டையும் வண்டியும் இருந்தால் போதும். கண் முகாமுக்கு மகனோ மருமகளோ வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும், மருந்துச் சீட்டைத் தேடி எடுக்க வேண்டும், வீட்டில் மாடு இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்ல வேண்டும். இவற்றில் எதையும் முந்தைய நாள் மாலை தொடங்கி முடிக்க இயலாது. ஆகவே மூன்றும் ஒரே செய்தியின் மறுபதிப்பாக இருக்கக் கூடாது. முதலாவது ஏற்பாடு செய்யச் சொல்வது, இரண்டாவது வருவீர்களா என்று கேட்பது, இறுதியானது நேரத்தையும் இடத்தையும் மட்டும் சொல்வது. இப்படி ஒவ்வொன்றிலும் புதிதாக ஒரு வேலை இருந்தால் மூன்றாவதையும் திறந்து படிப்பார்கள்.

எந்தெந்த நாள் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு வாரம் முன்பு என்றால் 15ஆம் தேதி. அன்று சிவராத்திரி, கோயிலுக்குப் போகிறவர்கள் தொலைபேசியைக் கவனிக்க மாட்டார்கள். எனவே முதலாவதை 14, சனிக்கிழமை மாலை அனுப்புங்கள். இரண்டாவது 19, வியாழன் மாலை. அன்று கேட்டால், பதில் வராதவர்களை அழைத்துப் பேச வெள்ளிக்கிழமை முழுவதும் கையில் இருக்கும். வர இயலாதவர்களின் இடத்தைக் காத்திருப்போருக்குக் கொடுக்கச் சனிக்கிழமை காலையும் இருக்கும். இறுதியானது 21, சனிக்கிழமை மாலை.

மாலை என்று நான் சொல்வது ஏழு மணிக்கு மேல். பதிவேட்டில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் முதியவர்களுடையவை அல்ல. மகன் அல்லது மகளுடையவை. பகல் 11 மணிக்கு மில்லில் வேலை செய்யும் மகன் செய்தியைப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தால், வீடு திரும்பும்போது அது வேறு செய்திகளுக்கு அடியில் போய்விடும். அவர் தாயின் அருகில் இருக்கும் நேரத்தில்தான் அது சென்று சேர வேண்டும். சொற்களும் அவரை நோக்கியே இருக்க வேண்டும். "தாங்கள் முகாமுக்கு வருகை தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதினால், அது தனக்கல்ல என்று கடந்துவிடுவார். முதல் செய்தியை இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

"வணக்கம். உங்கள் அம்மாவின் பெயர் பிப்ரவரி 22, ஞாயிறு கண் முகாமில் பதிவாகியுள்ளது. அன்று கண்ணில் மருந்து விடுவதால் சில மணி நேரம் பார்வை மங்கும்; அவர் தனியாகத் திரும்ப முடியாது. உடன் வருபவர் யார் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்."

காரணத்தோடு சொன்னால்தான் துணை வருவார். "துணையுடன் வரவும்" என்று மட்டும் எழுதினால் அதை உபசார வார்த்தையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மீனாட்சிபுரம் வாசகர்

எங்கள் மகள் திருமணத்துக்கும் இப்படித்தான் நினைவூட்ட வேண்டியிருந்தது. அழைப்பிதழ் கொடுத்தவர்களிடமே "வருவீர்களா" என்று கேட்டதைச் சில உறவினர்கள் மனத்தாங்கலாக எடுத்துக்கொண்டார்கள். அதனால் பதில் கேட்கும் இரண்டாம் செய்தியை விட்டுவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. மரியாதை குறையாமல் கேட்பது கடினம்.

முகாம் ஒருங்கிணைப்பாளர், பொள்ளாச்சி

அம்மா, திருமணத்தில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அங்கே வருபவர் விருந்தினர். இங்கே வருபவர் தாமே பெயர் கொடுத்து ஓர் இடத்தைப் பெற்றிருக்கிறார். கேட்பதை அவர் தவறாக எண்ண மாட்டார். ஆனால் கேட்கும் விதத்தில் கவனம் தேவை. "வரவில்லை என்றால் தெரிவிக்கவும்" என்று எழுதினால் வராதவர் பெரும்பாலும் மௌனமாகவே இருப்பார். அந்த மௌனத்தை வருகை என்று நாம் எண்ணிவிடுவோம். அதனால் இரு பக்கமும் எளிதாகப் பதில் சொல்ல வழி கொடுங்கள்: "வருவீர்கள் என்றால் 1, இம்முறை இயலாது என்றால் 2 என்று அனுப்புங்கள். 2 அனுப்பினால் அடுத்த முகாமில் உங்கள் பெயர் சேர்க்கப்படும்." இரண்டாவதாக வரும் அந்த வாக்கியம்தான் தயக்கத்தைப் போக்குகிறது. அடுத்த முகாம் உறுதியாக இருந்தால் மட்டும் அதை எழுதுங்கள்.

கணினி மையம், சித்தூர்

செயலர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. சென்ற முறை வராதவர்களுக்குச் செய்தி உண்மையில் போய்ச் சேர்ந்ததா? பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே சேரும். மற்றவர்களுக்குச் சேராது, உங்களுக்குப் பிழைச் செய்தியும் வராது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால், யார் யாருக்குச் சேர்ந்தது என்ற பட்டியல் தெரியும். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதென்றால் அளவு முக்கியம். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து. தமிழில் 70 மட்டுமே. அதிலும் மெய்ப்புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். "ஞாயிறு" கண்ணுக்கு மூன்று எழுத்து, கணக்கில் ஆறு. 70ஐத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் தனிச் செய்தியாக எண்ணப்படும். பல ரீசார்ஜ் திட்டங்களில் நாளுக்கு 100 குறுஞ்செய்திதான் என்பதால், இரண்டு துண்டானால் ஐம்பது பேரோடு முடிந்துவிடும். இறுதி நினைவூட்டலுக்கு இது அடங்கும், 65தான் வருகிறது:

"கண் முகாம்: பிப் 22 ஞாயிறு காலை 8.30. வாசகசாலை. துணையுடன் வரவும்."

"நாளை" என்று எழுதாமல் தேதியும் கிழமையும் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை இரவு தொலைபேசி அணைந்திருந்தால் செய்தி ஞாயிறு காலையில்தான் வந்து விழும். அப்போது "நாளை" என்பது திங்களாகிவிடும்.

வாசகசாலைச் செயலர், கொழிஞ்சாம்பாறை

மிக்க நன்றி. விவரத்தைத் திறந்து பார்த்தேன். எருத்தேம்பதி பக்கத்துப் பெயர்களில் பெரும்பாலானவை சேர்ந்தவர்கள் பட்டியலிலேயே இல்லை. இந்த வாரமே ஒவ்வொருவரையும் அழைத்து எங்கள் எண்ணைச் சேமிக்கச் சொல்கிறோம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் பக்கத்து முதியவர்கள் வீட்டில் தமிழ் பேசினாலும் அவர்களுடைய பிள்ளைகள் பலர் மலையாள வழியில் படித்தவர்கள். தமிழை வேகமாகப் படிக்க மாட்டார்கள். கோபாலபுரம் பக்கத்தவர்களுக்கு மலையாள எழுத்து தெரியாது. இரண்டு மொழியிலும் எழுதினால் செய்தி நீண்டுவிடுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, வண்ணாமடை

பேசினால் எல்லோருக்கும் புரியும் அல்லவா? முதல் செய்தியைக் குரல்பதிவாக அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும். அந்தந்த ஊரில் தெரிந்த ஒருவரின் குரலாக இருந்தால் முதியவரே கேட்டுக்கொள்வார். தேதியையும் நேரத்தையும் மட்டும் எழுத்தில் தனியாக அனுப்பினால், பிறகு தேடிப் பார்க்க உதவும்.

இன்னொன்றையும் அதில் சொல்ல வேண்டுகிறேன். கண் பரிசோதனை என்றதும் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று எண்ணி, காலை உணவையும் சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே தலைசுற்றுகிறது. அழுத்தமோ சர்க்கரையோ கூடியிருந்தால் அறுவை சிகிச்சையையும் தள்ளிவைத்துவிடுவார்கள். "வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மாத்திரை அட்டையையும் கொண்டு வாருங்கள்" என்ற வாக்கியம் இரண்டாம் செய்தியிலும் இருக்கட்டும். உங்கள் மருத்துவக் குழு இதற்கு மாறாக ஏதேனும் சொல்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

வேலந்தாவளம் கடைக்காரர்

முதல் செய்தியில் அறுவை சிகிச்சை என்று எழுதுவீர்களா? அந்தச் சொல்லைக் கேட்டாலே என் அத்தை வீட்டை விட்டு இறங்க மாட்டார். பரிசோதனை என்று மட்டும் சொல்லி அழைத்து வந்தால், மருத்துவர் எடுத்துச் சொல்லிக்கொள்வார்.

முகாம் ஒருங்கிணைப்பாளர், பொள்ளாச்சி

அந்த அச்சம் உண்மையானதுதான். ஆனால் சொல்லாமல் அழைத்தால், தேர்வானவர் மாற்றுத் துணி இல்லாமல், வீட்டில் சொல்லாமல் வந்திருப்பார். அன்று மதியப் பேருந்தில் ஏற மறுப்பார். எங்கள் குழுவில், "தேவைப்பட்டால், உங்கள் சம்மதத்தோடு மட்டும்" என்ற சொற்களைச் சேர்த்து முதல் செய்தியிலேயே சொல்கிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, வண்ணாமடை

இதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அச்சப்படுபவர்கள் என்று தெரிந்த வீடுகளுக்குச் செய்தியில் எழுதாமல் நேரில் போய்ச் சொல்வதே முறை என்று நினைக்கிறேன்.

வாசகசாலைச் செயலர், கொழிஞ்சாம்பாறை

குழுவில் இதைப் பேசி முடிவு செய்கிறோம். ஞாயிறு காலையிலும் ஒரு செய்தி தேவையா என்பதே மீதமிருக்கும் கேள்வி.

முகாம் ஒருங்கிணைப்பாளர், பொள்ளாச்சி

எல்லோருக்கும் வேண்டாம். வேனில் ஏற்றி வர வேண்டியவர்களை மட்டும், வேன் புறப்படும்போது ஓட்டுநரோடு இருக்கும் தொண்டர் அழைத்து, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று சொல்லட்டும். வியாழன் செய்திக்கு 1 என்று பதில் அனுப்பியவர்களின் பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்து, சனிக்கிழமை இரவே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.