கடை வாடகைக் குறைப்புக் கடிதம்: உங்கள் ஆலோசனை தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். மதுரையில் வாடகைக் கட்டடத்தில் ஸ்டேஷனரி கடை நடத்துகிறேன். மாத வாடகை 18,000 ரூபாய்; முன்பணம் 1,80,000 ரூபாய். மேம்பாலப் பணிக்காகக் கடைக்கு எதிரே சாலை அடைக்கப்பட்டதிலிருந்து, மாதம் 2,40,000 ரூபாயாக இருந்த விற்பனை 1,65,000 ரூபாயாகக் குறைந்துவிட்டது.

விற்பனைச் சரிவை மட்டும் சொன்னால் உரிமையாளருக்கு நிலைமை புரியாது என்பதால், கையில் மிஞ்சுவதையும் எழுதியிருக்கிறேன். இருபது சதவீத லாபத்தில் முன்பு 48,000 ரூபாய் கிடைத்தது. இப்போது 33,000 ரூபாய்தான். அதில் வாடகையும், உதவியாளர் சம்பளமும் மின்கட்டணமுமாக 13,000 ரூபாயும் போனால் எனக்கு மிஞ்சுவது 2,000 ரூபாய்.

பத்து மாதங்களுக்கு மட்டும் வாடகையை 13,000 ரூபாயாகக் குறைக்கும்படியும், அதற்கு முன்பே சாலை திறந்தால் மறுமாதமே பழைய வாடகையைத் தருவதாகவும் எழுதியுள்ளேன். அவருக்கு இதனால் குறைவது அதிகபட்சம் 50,000 ரூபாய். நான் காலி செய்து கடை மூன்று மாதம் பூட்டிக் கிடந்தாலே 54,000 ரூபாய் போய்விடும், முன்பணத்தையும் திருப்பித் தர வேண்டும். இந்த ஒப்பீட்டைக் கடிதத்தில் எழுதினால் மிரட்டலாகத் தோன்றுமோ என்று தயங்குகிறேன். நேரில் பேசும்போது சொல்வது நல்லதா?

ஆண்டு விற்பனை நாற்பது லட்சத்துக்குள் இருப்பதால் நான் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை. தினசரிக் கணக்கு நோட்டின் நகலும் யுபிஐ வரவு காட்டும் வங்கி அறிக்கையும் ஆதாரமாகப் போதுமா? அவர் சம்மதித்தால், அதைத் தனித்தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு வாடகை ஒப்பந்தத்துடன் இணைத்தால் போதுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.