மந்தமா, எரிப்பா, செலவா? ‘மெட்டபாலிசம்’ குறித்த ஒரு கலைச்சொல் விவாதம்

மீனாட்சி, மயிலாப்பூர்

நண்பர்களுக்கு வணக்கம். எடை குறைக்க வருகிறவர்களுக்காக ஒரு மருத்துவமனை தரும் சிறு கையேட்டைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய பதிப்பில் ‘ஸ்லோ மெட்டபாலிசம்’ என்பதற்கு ‘வளர்சிதை மாற்ற மந்தம்’ என்று போட்டிருந்தார்கள். பாடநூல்படி பார்த்தால் அதில் குற்றமில்லை. ஆனால் காத்திருப்பு அறையில் நான்கைந்து பேருக்குப் படித்துக் காட்டியபோது ஓர் அம்மா, “எனக்கு மந்தமெல்லாம் இல்லைம்மா, நல்லாப் பசிக்குது, நல்லா ஜீரணமாகுது” என்றார். இன்னொருவர் ஓமத்தண்ணீர் குடித்தால் சரியாகுமா என்று கேட்டார். அவர்கள்மேல் தப்பில்லை. நம் வீடுகளில் மந்தம் என்றால் குழந்தைக்குப் பால் செரிக்காமல் வயிறு உப்புவதுதான்.

எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று, சும்மா படுத்திருக்கும்போதும் உடம்பு செலவழிக்கிற ஆற்றலுக்கு. மற்றொன்று, அது ஒருவருக்குக் குறைவாக இருப்பதற்கு. இரண்டாவதைப் பற்றி ஒரு சந்தேகமும் இருக்கிறது. அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டா? இல்லாத ஒன்றுக்குச் சொல் ஆக்கிக் கொடுத்துவிடக் கூடாது.

கதிரேசன், அம்பத்தூர்

‘அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம்’ மாணவர்களுக்கு இருக்கட்டும். அதில் வளர்தலும் சிதைதலும் இரண்டுமே இருக்கின்றன. சொல்லை ஆக்கியவர்கள் யோசித்துத்தான் ஆக்கினார்கள். கையேட்டுக்கு ‘எரிசெலவு’ என்று வைக்கலாம். உணவை உடல் எரிக்கிறது என்பது எல்லோருக்கும் புரியும்.

இரண்டாவதற்கு ‘எரிதளர்வு’. நாற்பது வயதுக்கு மேல் இது எல்லோருக்கும் வருவதுதானே? பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் என் இடுப்பு 32 அங்குலம். அதே சாப்பாடுதான், நாற்பதைத் தாண்டியதும் வயிறு முன்னே வந்துவிட்டது.

யோகன், வளசரவாக்கம்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த உயிரியல் புத்தகத்தில் மெட்டபாலிசத்துக்கு ‘அனுசேபம்’ என்று இருந்தது. கட்டுவது உட்சேபம், உடைப்பது அவசேபம். அனுசேபத்துக்கு வீட்டுப் பேச்சில் வேறு பொருள் கிடையாது. ஆகவே மந்தம் என்றோ ஜீரணம் என்றோ யாரும் மயங்க மாட்டார்கள். ஆனால் முதல்முறை கேட்கிறவருக்கு அது ஒன்றையும் சொல்லாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சுபா (உடலியங்கியல் ஆசிரியர்), அண்ணா நகர்

மீனாட்சியின் சந்தேகம் சரியானது. முதலில் கதிரேசன் ஐயாவின் நாற்பது வயதுக் கணக்கைப் பார்ப்போம், சொல் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

2021இல் ஹெர்மன் பான்ட்சர் குழு ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்கள், பிறந்து எட்டு நாளான குழந்தையிலிருந்து 95 வயது வரை. கன ஹைட்ரஜனும் கன ஆக்சிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அவை இரண்டும் எந்த வேகத்தில் உடம்பைவிட்டுப் போகின்றன என்று சிறுநீரில் அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து அந்த ஆள் எவ்வளவு கரியமில வாயு வெளியேற்றினார், அதாவது எவ்வளவு ஆற்றல் செலவழித்தார் என்பது தெரிந்துவிடும். என்ன சாப்பிட்டீர்கள் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த முறையின் பலமே அதுதான், ஏனென்றால் சாப்பிட்டதை நாம் எல்லோருமே குறைத்துத்தான் சொல்கிறோம்.

உடலின் அளவையும் அதில் கொழுப்பு எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, ஒரு வயதுக் குழந்தை பெரியவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம் செலவழிக்கிறது. பிறகு இருபது வயது வரை மெல்ல இறங்குகிறது. இருபதிலிருந்து அறுபது வரை கோடு நேராகப் போகிறது. நாற்பதில் சரிவு இல்லை. மாதவிடாய் நிற்கும் வயதிலும் இல்லை. அறுபதுக்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் வீதம் குறைகிறது.

இந்தக் கணக்குப்படி ஐயாவின் வயிற்றுக்கு ‘எரிதளர்வு’ காரணம் ஆகாது. ‘எரி’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. வயிற்றெரிச்சல், நெஞ்செரிச்சல் என்று தினமும் கேட்கிறவள் நான். ‘உங்களுக்கு எரிசெலவு குறைவு’ என்று சொன்னால் அசிடிட்டி இல்லை என்று மகிழ்ச்சியாகப் போய்விடுவார்கள்.

கவிதா, நங்கநல்லூர்

நான் சொல் ஆக்குகிறவள் இல்லை, குழுவில் படிக்க மட்டும் செய்கிறேன். ஆனால் இது என் கதை என்பதால் கேட்கிறேன். 35 வயதில் 58 கிலோ இருந்தேன். இப்போது 47 வயது, 68 கிலோ. உயரம் 158 சென்டிமீட்டர். தைராய்டு பார்த்தாயிற்று, டி.எஸ்.எச். சரியாகவே இருக்கிறது. சாப்பாடு மாறவில்லை. ஜிம்மில் ஒரு மிஷின் மேல் நிற்கவைத்து ‘உங்கள் மெட்டபாலிசம் ஸ்லோ, உங்கள் மெட்டபாலிக் வயது 58’ என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் அது பொய்யா?

சுபா

கவிதா, உங்கள் எண்களையே போட்டுப் பார்க்கலாம். ஓய்வில் இருக்கும் பெண்ணுக்கு 1990இல் வந்த மிஃப்ளின் சூத்திரம் இது. எடை கிலோவில், உயரம் சென்டிமீட்டரில், விடை ஒரு நாளைக்கான கலோரியில்.

```
10 × எடை + 6.25 × உயரம் − 5 × வயது − 161
```

35 வயதில் உங்களுக்கு ஏறக்குறைய 1,230 வருகிறது. இப்போது 1,270. படுத்திருக்கும்போது உங்கள் உடம்பு அன்றைக்கு விட இன்றைக்கு அதிகமாகத்தான் செலவழிக்கிறது. 68 கிலோவைப் பராமரிக்க 58 கிலோவுக்கு ஆவதைவிடக் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். அந்த மிஷின் உங்கள் செலவை அளக்கவே இல்லை. காலில் மெல்லிய மின்சாரம் விட்டு உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று ஊகித்து, அதை ஒரு சூத்திரத்தில் போட்டு, வந்த எண்ணை ஒரு வயதாக மாற்றிச் சொல்லியிருக்கிறது. உண்மையில் அளக்க வேண்டுமானால், இரவு முழுக்கச் சாப்பிடாமல் காலையில் படுத்தபடியே, முகத்தை மூடிய கூண்டுக்குள் மூச்சுவிட வேண்டும். எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று பார்ப்பார்கள்.

இனி வயது. சூத்திரத்தில் வருடத்துக்கு 5 கலோரி கழிகிறதே, பான்ட்சர் இல்லை என்கிறாரே என்று கேட்கலாம். சூத்திரத்துக்கு உங்கள் எடைதான் தெரியும், அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது தெரியாது. வயதாக ஆகத் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்புக்கு இடம் விடுகிறது. அந்த 5 அதற்கான ஈடு. பான்ட்சர் குழு உடம்பில் இருப்பதைத் தனியாகக் கணக்கிட்டதால் வயதின் பங்கு மறைந்துவிட்டது. எப்படியானாலும் 12 வருடத்துக்கு 60 கலோரி, ஒரு சின்ன இட்லி.

இந்தப் பன்னிரண்டு வருடத்தில் வேறு என்ன மாறியது?

கவிதா

மாறியது என்றால், வேலைக்குப் போகும் விதம்தான். அப்போது பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி நடப்பேன். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும் நடைதான். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு நான்கு கிலோமீட்டராவது இருக்கும். மாற்றலாகிப் பக்கத்துக் கிளைக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. ஸ்கூட்டியில் பத்து நிமிடம். இதை நான் ஒரு மாற்றமாகவே நினைக்கவில்லை.

சுபா

உங்கள் எடைக்கு நான்கு கிலோமீட்டர் நடை நூற்றிச் சொச்சம் கலோரி. வயது கொண்டுபோனதைப்போல் இரண்டு மடங்கு. அதில் ஒரு பகுதியை உடம்பு வேறு எங்காவது மிச்சம் பிடித்துச் சரிக்கட்டும் என்பதால் நேர்க்கணக்காகப் போடக் கூடாது. ‘சாப்பாடு மாறவில்லை’ என்பது உண்மையாகவே இருக்கலாம். நடை நின்றபோது சாப்பாடும் கொஞ்சம் மாறியிருக்க வேண்டும், மாறவில்லை.

பிரவீன், வேளச்சேரி

நான் பயிற்சியாளர். மேடத்துக்குத் தேவை தசைதான். ஒரு கிலோ தசை சேர்த்தால் சும்மா இருக்கும்போதே நாளைக்கு நூறு கலோரி கூடுதலாகச் செலவாகும். மெட்டபாலிசம் தானாக ஏறும்.

சுபா

பிரவீன், திசை சரி, அளவுதான் தவறு. ஓய்வில் ஒரு கிலோ தசைக்கு நாளைக்கு 13 கலோரிதான் ஆகிறது, ஒரு கிலோ கொழுப்புக்கு நாலரை. பெரிய செலவாளிகள் மூளையும் கல்லீரலும் இதயமும் சிறுநீரகமும். அவற்றை ஜிம்மில் வளர்க்க முடியாது. 47 வயதில் எடை தூக்கச் சொல்வது மிக நல்ல யோசனை, எலும்புக்கும் சர்க்கரைக்கும். ஆனால் நூறு கலோரி என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

மீனாட்சிக்கு நேரடிப் பதில்: குறைவு என்பது உண்டு. ஒரே உயரம், எடை, வயதுள்ள இருவரிடையே ஓய்வுச் செலவில் நூறு, நூற்றைம்பது கலோரி வித்தியாசம் சாதாரணம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குறையும். ஆனால் அதனால் கூடும் எடை பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து கிலோ, அதிலும் உப்பும் நீரும்தான் அதிகம். மிகத் தெளிவாகத் தெரிவது எடை கூடும்போது அல்ல, வேகமாகக் குறைத்த பிறகு. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்து கெவின் ஹால் குழு அளந்தது. எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தும், அந்த உடலுக்கு எதிர்பார்க்கும் செலவைவிட சராசரியாக நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. 2016இல் வெளிவந்தது. எல்லோருக்கும் இவ்வளவு குறையாது, அது கடுமையான முறை. ஆனால் உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும் என்பது உண்மை.

கதிரேசன்

சுருக்கிக்கொள்வதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறதே, சிக்கனம். ‘உடற்சிக்கனம்’ என்று வையுங்கள். என் எரிதளர்வைத் திரும்பப் பெறுகிறேன். அதில் உடம்பு சோர்ந்துபோனதாகத் தொனிக்கிறது, டாக்டர் சொல்வதோ உடம்பு வேண்டுமென்றே செய்வது.

‘செலவு’ என்பதை முழுமனதாக ஏற்கிறேன். மந்தம், வேகம் என்றால் வண்டி ஓட்டம் நினைவுக்கு வரும். செலவு என்றால் எவ்வளவு என்ற கேள்விதான் வரும். ஆனால் ‘ஓய்வுச் செலவு’ என்றால் என்னைப் போன்றவன் பென்ஷன் கணக்கு என்றுதான் படிப்பான். ‘இருப்புச் செலவு’ என்று யோசித்தேன். இருப்பு என்றால் சேமித்து வைத்தது, இங்கே அது கொழுப்பையே குறித்துவிடும். படுத்தபடி அளக்கிறார்கள் என்பதால் ‘கிடைச் செலவு’?

யோகன்

கிடை என்றால் எங்களுக்கு ஆட்டுக்கிடைதான் முதலில் வரும், ஐயா.

மீனாட்சி

இன்று காலை அதே காத்திருப்பு அறையில் மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். ‘ஓய்வுச் செலவு’ என்றதும் ஒருவர் பென்ஷன் என்றார், ஐயா சொன்னபடியே. ‘கிடைச் செலவு’ யாருக்கும் புரியவில்லை. ‘சும்மா படுத்திருந்தாலும் ஆகிற செலவு’ என்று நீட்டிச் சொன்னபோது எல்லோருக்கும் புரிந்தது. ‘அப்போ எனக்கு எவ்வளவு ஆகுது?’ என்று மந்தம் இல்லை என்ற அம்மாவே கேட்டார்.

முதல் பக்கத்தில் அந்த நீண்ட தொடரையே போடுகிறேன். அதற்குப் பிறகு ‘படுக்கைச் செலவு’ என்று சுருக்கலாமா என்று பார்க்கிறேன், ஆனால் படுத்த படுக்கை என்ற நினைப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ‘உடற்சிக்கனம்’ உறுதி, எடை குறைத்த பிறகான பக்கத்துக்கு மட்டும். எடை கூடிய காரணத்தைச் சொல்லும் பக்கத்தில் ‘மந்தம்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். அங்கே கவிதாவின் ரயில் நடையைப் பெயர் சொல்லாமல் எழுத அனுமதி கேட்கிறேன்.

கவிதா

தாராளமாக எழுதுங்கள். ‘படுக்கைச் செலவு’ வேண்டாம். என் மாமியார் நான்கு மாதம் படுத்த படுக்கையாக இருந்தார், அந்தச் சொல்லைப் பார்த்தால் ஆஸ்பத்திரி பில்தான் ஞாபகம் வருகிறது.