காலக்கூறு ஆணை: ஒரு கலைச்சொல் விவாதம்

அஸ்தம்பட்டியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். பங்குச்சந்தைச் சொற்பட்டியலில் ஆணைகள் பகுதி முடியும் நிலையில் இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் தடுக்குகிறது. பங்கு வாங்கவோ விற்கவோ இடும் ஒரு பெரிய ஆணையைச் சிறு துண்டுகளாக்கி, குறித்த இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு அனுப்பும் முறையை நாம் ‘டிவாப்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழில் ‘தவணை ஆணை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

தம்பி, ‘தவணை’ அருமையான சொல். நான் பல வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். கடையில் மாதக் கணக்கு முடித்ததும் ஒரு குறிப்பிட்ட தொகைக்குப் பங்கு வாங்குவேன். விலை ஏறியிருந்தால் குறைவாக வரும், இறங்கியிருந்தால் கூடுதலாக வரும். சராசரி தானே சரியாகிவிடும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இந்தச் சொல் உடனே புரியும்.

சூரமங்கலத்திலிருந்து

ஐயா, நீங்கள் சொல்வது வேறு. உடனே புரிகிறது என்பதாலேயே ‘தவணை’ எனக்குத் தயக்கம் தருகிறது. புரிவது வேறொன்றாக இருக்கிறதே. மாதாமாதம் வாங்குகிறவர் நாளைய விலை தெரியாததால் பிரிக்கிறார். அவர் வாங்குவதால் விலை நகர்வதில்லை. நாம் பெயர் தேடும் முறையில், ஆணை போடுகிறவரே விலையை நகர்த்திவிடுகிறார். அதைக் குறைக்கத்தான் பிரிக்கிறார். தரகு நிறுவனத்தின் ஆணை மேசையில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்பதால் ஒரு கணக்கோடு சொல்கிறேன்.

நடுத்தர நிறுவனம் ஒன்றின் பங்கு 412 ரூபாயில் இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் பங்குகள் கைமாறுகின்றன. திரையில் வாங்குவோர் பக்கம் ஐந்து வரிசை தெரிகிறது: 412.00க்கு 140 பங்கு, 411.85க்கு 320, 411.50க்கு 600, 411.00க்கு 1,150, 410.20க்கு 900. இதில் 3,000 பங்கைச் சந்தை விலைக்கு விற்றால் முதல் நான்கு வரிசையும் காலியாகி, ஐந்தாவதிலும் 790 போய்விடும். கிடைக்கும் சராசரி 411.03. முதல் வரிசையில் கண்ட விலையைவிடப் பங்குக்கு 97 பைசா குறைவு. இத்தனைக்கும் நாம் விற்றது நாளின் வணிகத்தில் ஒரே ஒரு சதவீதம்.

பெரிய நிறுவனப் பங்காக இருந்தால் அந்த வரிசைகள் சில விநாடிகளில் மீண்டும் நிரம்பும். நடுத்தரப் பங்கில் நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களைக் கொடுப்பதுதான் இந்த முறையின் உயிர். ஆகவே சொல்லில் ‘காலம்’ இருக்க வேண்டும் என்பது என் முதல் கருத்து.

ஃபேர்லண்ட்ஸிலிருந்து

இதற்கு இவ்வளவு சுற்று தேவையில்லை என்று நினைக்கிறேன். தேசியப் பங்குச்சந்தையிலேயே ‘வெளிக்காட்டும் அளவு’ என்ற வசதி இருக்கிறது. 60,000 பங்கு விற்க வேண்டுமென்றால் பத்தில் ஒரு பங்கை, அதாவது 6,000 மட்டும் திரையில் காட்டலாம். மீதி மறைந்திருக்கும். துண்டுதுண்டாகத்தானே போகிறது? எனவே ‘பகுத்தாணை’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும்.

சூரமங்கலத்திலிருந்து

பாதி சரி. இரண்டிலும் பகுப்பு உண்டு. ஆனால் நீங்கள் சொல்வது பார்வையில் பகுப்பு, காலத்தில் அன்று. காட்டிய 6,000 விற்றவுடன் அடுத்த 6,000 அந்த நொடியே எழுந்து நிற்கிறது. வரிசையில் கடைசி இடத்துக்குப் போய் நிற்கிறது என்பது கூடுதல் இழப்பு. மேலே காட்டிய பட்டியலைப் பாருங்கள். 140, 320, 600 என்று வாங்குவோர் நிற்கும் இடத்தில் 6,000 என்ற எண்ணைக் காட்டினாலே, வாங்க வந்தவர் கையை இழுத்துக்கொள்வார். குறைந்தது பத்து சதவீதமாவது காட்ட வேண்டும் என்பது விதி. அதனால் பெரிய ஆணைக்கு அதை இன்னும் சிறிதாக்கவும் வழியில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

ஏற்காட்டிலிருந்து

இங்கே காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். சொல் ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எடுத்த கணக்கு ஏறக்குறைய என் கணக்கு. மாமனார் விட்டுச்சென்ற பங்குகளை விற்க வேண்டியிருக்கிறது. 60,000க்குச் சற்று அருகில். நடுத்தர நிறுவனம்தான், விலையும் நானூறை ஒட்டியே. போன முறை கொஞ்சம் விற்றபோது தரகர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே அளவாக அனுப்பினார். காலையில் விலை அசையவில்லை. மதியம் ஒவ்வொரு முறையும் இறங்கியது, அங்கேயே நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டதற்குச் ‘சந்தை அப்படி’ என்றார்கள். இந்த முறை ஒரே நாளில் முடிப்பதா, இரண்டு நாளா?

சூரமங்கலத்திலிருந்து

அம்மா, நீங்கள் கண்டது சந்தையின் குணம் மட்டும் அன்று. அது பிரித்த விதத்தின் குறை.

9:15 முதல் 3:30 வரை 375 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 75 துண்டு. 60,000 பங்கைச் சமமாகப் பிரித்தால் துண்டுக்கு 800. காலையில் முதல் ஐந்து நிமிடங்களில் 12,000 பங்கு கைமாறுகிறது என்றால் நம் 800 அதில் ஏழு சதவீதம்கூட இல்லை. மதியம் ஒரு மணிக்கு அதே ஐந்து நிமிடத்தில் 2,000தான் கைமாறும். அப்போது அதே 800, நாற்பது சதவீதம். கடிகாரம் சமமாக ஓடுகிறது, வணிகம் அப்படி ஓடுவதில்லை. காலையும் மாலையும் கனம், நடுவில் மெலிவு.

நாளின் வழக்கமான வணிக ஓட்டத்துக்கு ஏற்ப அளவை மாற்றி அனுப்புவது இன்னொரு முறை. அதைத்தான் ‘விவாப்’ என்கிறோம். பெரிய பங்குகளில் அது நன்றாக வேலை செய்யும். நடுத்தரப் பங்கில் நேற்றைய ஓட்டத்தை வைத்து இன்றையதைக் கணிப்பது கடினம். யாரோ ஒருவர் மதியம் பெரிய அளவில் வாங்கிவிட்டுப் போயிருப்பார். அது சராசரியைக் கெடுத்துவிடும். அதனால் நான் காலப் பகுப்பையே வைத்துக்கொண்டு ஒரு கட்டு மட்டும் போடுவேன்: எந்தத் துண்டும் கடந்த ஐந்து நிமிட வணிகத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. துண்டின் அளவையும் இடைவெளியையும் சற்றே முன்பின்னாகக் கலைத்துவிட வேண்டும். ஒவ்வோர் ஐந்தாவது நிமிடமும் சரியாக 800 வந்தால், திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். நமக்கு முன்னால் அவர் விற்பார்.

துண்டு பெரிதா சிறிதா என்று அறியும் வழி எளிது. துண்டு போவதற்குமுன் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த துண்டுக்குச் சற்று முன் மறுபடி பாருங்கள். ஓரிரு முறை இறங்கியிருப்பதில் பொருளில்லை. மொத்தச் சந்தையே இறங்கியிருக்கலாம். ஆனால் குறியீட்டெண் அசையாதபோதும் துண்டுக்குத் துண்டு நடுப்புள்ளி கீழேயே தங்குகிறது என்றால், வரிசை மீளுமுன் அடுத்ததை அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். நீங்கள் மதியம் பார்த்தது அதுதான்.

இரண்டு நாள் பற்றி. நம் ஆணை விலையை நகர்த்தும் தாக்கம் ஆணையின் அளவுக்கு நேர்விகிதத்தில் வளர்வதில்லை, அதன் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது என்பது இத்துறையில் பல சந்தைகளில் கண்ட தோராயக் கணக்கு. உங்கள் பங்கின் ஒருநாள் ஏற்ற இறக்கம் 2.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 60,000 என்பது நாள் வணிகத்தில் ஐந்தில் ஒன்று. அதன் வர்க்கமூலம் 0.45. பெருக்கினால் 1.1 சதவீதம், பங்குக்குச் சுமார் 4 ரூபாய் 60 காசு. இரண்டு நாளாக்கி நாளுக்கு 30,000 விற்றால் அது 3 ரூபாய் 25 காசு அளவுக்கு இறங்கும். மொத்தத்தில் மிஞ்சுவது 80,000 ரூபாய். முதல் நாளின் தாக்கம் மறுநாளும் கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்பதால் அதைவிடக் குறையவும் கூடும். மறுபக்கம், இரவு கையில் இருக்கும் 30,000 பங்கின் மதிப்பு ஒரே நாளில் 3 லட்சம் ரூபாய் அளவுக்கு மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். அந்த ஆட்டம் உங்களுக்குச் சுமையில்லை என்றால் இரண்டு நாள். பணம் குறித்த நாளில் வேண்டுமென்றால், கட்டை இருமடங்காகவாவது தளர்த்தி ஒரே நாள். இதை நான் உங்களுக்காக முடிவு செய்ய முடியாது.

அஸ்தம்பட்டியிலிருந்து

‘தவணை’யை விட்டுவிடுகிறேன். ‘கூறு’ எப்படி? உழவர் சந்தையில் கூறு கட்டி விற்பதும், சொத்தைக் கூறு போடுவதும் எல்லோருக்கும் தெரியும். நேரத்தால் பிரித்தால் ‘காலக்கூறு ஆணை’, வணிக ஓட்டத்தால் பிரித்தால் ‘வணிகக்கூறு ஆணை’. முழு ஆணை ‘தாய் ஆணை’, துண்டுகள் ‘சேய் ஆணை’. வெளிக்காட்டும் அளவு தனிப்பதிவாக இருக்கட்டும்.

ஃபேர்லண்ட்ஸிலிருந்து

வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் ‘காலக்கூறு’ வரலாற்றுப் பாடத்தில் வரும் சொல்போல ஒலிக்கிறது. ‘நேரக்கூறு’ என்றால் கடிகாரம் நினைவுக்கு வரும். இன்னொன்று, பத்து சதவீதக் கட்டு போட்டால் மதியத் துண்டுகள் முழுதாகப் போகாதே. அந்த மீதிக்கு என்ன பெயர், அதை என்ன செய்வது?

சூரமங்கலத்திலிருந்து

‘நேரக்கூறு’ எனக்கும் பிடிக்கிறது. ஆனால் ‘காலம்’ சார்ந்த சொற்கள் பட்டியலில் ஏற்கெனவே இருப்பதால் முடிவை அஸ்தம்பட்டித் தம்பியிடம் விடுகிறேன்.

மீதியைப் பற்றிக் கேட்டது முக்கியம். பல மென்பொருள்கள் போகாததை அடுத்த துண்டில் சேர்த்துவிடும். மதியம் முழுக்கச் சேர்ந்தால் மூன்று மணிக்கு அது மலையாக நிற்கும். கடைசி அரைமணியில் வணிகம் கனமாக இருப்பதால் ஒரு பகுதி கரையும். கட்டு அப்போதும் கட்டாகவே இருக்க வேண்டும். 3:25க்குப் பதறி மீதியைச் சந்தை விலைக்குத் தள்ளினால் காலையிலிருந்து மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடும். அம்மா, உங்கள் தரகரிடம் இதை முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: மீதி மறுநாளுக்குப் போகுமா, கடைசியில் தள்ளப்படுமா என்று. ‘எஞ்சிய கூறு’ என்று பெயர் வைக்கலாம்.

ஏற்காட்டிலிருந்து

கேட்டேன். கடைசி ஐந்து நிமிடத்தில் தள்ளுவதுதான் அவர்கள் வழக்கமாம். சொன்னால் மாற்றித் தருவார்களாம். இரண்டு நாள் என்று சொல்லியிருக்கிறேன், கட்டு பத்து சதவீதம். விற்று முடிந்ததும் துண்டுவாரி விலைப்பட்டியலை அனுப்புகிறேன். நடுப்புள்ளிக் கணக்கை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.