எதிர்ல ஆளே இல்லாத இன்டர்வியூக்குத் தமிழ்ல என்ன பேர்?

நெல்லை வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். டிப்ளமோ கடைசி வருசப் பிள்ளைங்களுக்கு ஒரு கையேடு போடுறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். கம்பெனிலேர்ந்து லிங்க் வரும், அழுத்தினா கேள்வி எழுத்துல வரும், யோசிக்க 30 நொடி, அப்புறம் தானா ரெக்கார்டிங் ஆரம்பிச்சு 2 நிமிசத்துல தானா நின்னுடும். இதை நேர்காணல்னு எழுத கை வர மாட்டேங்குது, நேரும் இல்ல காணலும் இல்ல. ஒரு சொல் குடுங்க.

புலவர் ஐயா:
'வினாவும் செப்பே வினாஎதிர் வரினே', கேள்விக்கு எதிரா வர்ற கேள்வியும் விடைதான்னு தொல்காப்பியம். நன்னூலும் எட்டு விடைல வினா எதிர் வினாதலை ஒண்ணா வைக்குது. உங்க ஏற்பாட்டுல செத்துப்போனது அந்த ஒரு விடைதான். அதனால 'எதிர்வினாவிலி'.

கோவை தம்பி:
ஐயா, அதை வாசிச்சு முடிக்கவே 30 நொடி ஆயிடும். சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்னு அதே தொல்காப்பியத்துல இருக்கே, கைக்கிளை நேர்காணல்னு வச்சிடலாமா?

புலவர் ஐயா:
கிண்டல் வேண்டாம். இன்புறல் எங்க இருக்கு இதுல?

ஓய்வுபெற்ற வங்கிக்காரர்:
என் பையனுக்கும் ஜூம்ல இப்படித்தான் நடந்துது, அவங்க மூணு பேரும் மியூட்ல உக்காந்திருந்தாங்க, இவன் பேசிட்டே இருந்தான். 'ஊமை நேர்காணல்' சரியா வரும்.

நெல்லை வாத்தியார்:
அது வேற சார். அங்க ஆள் இருக்கு, கை தூக்கினா மியூட்டை எடுப்பாங்க. போன மாசம் எங்க பிள்ளை ஒருத்திக்கு 'சமீபத்துல செஞ்ச வேலையும் அதுல உங்க பங்கும்'னு கேள்வி. காலேஜ் ப்ராஜெக்ட் சொல்லலாமா கூடாதான்னு தெரியல, கேக்க ஆளில்ல. யோசிக்கிற 30 நொடியும் போச்சு, ரெக்கார்டிங் ஓட ஆரம்பிச்சும் முக்கால் நிமிசம் முழிச்சிட்டே இருந்திருக்கா. முக்கியமான இடத்துக்கு வர்றப்ப கட் ஆயிடுச்சு.

கோவை தம்பி:
பதிலை முன்னாடியே எழுதி வச்சுப் படிச்சிட வேண்டியதுதானே?

சென்னை ஹெச்ஆர் அக்கா:
தம்பி, நான் இந்த வீடியோக்களைப் பாக்குற வேலைல இருக்கேன். படிச்சா கண்ணு இடமிருந்து வலமா ஓடுறது அப்பட்டமாத் தெரியும். முழு வாக்கியம் வேண்டாம், மூணே சொல் எழுதி கேமராவுக்குப் பக்கத்துல ஒட்டிக்கலாம், அது தப்பில்ல.

வாத்தியார் சொன்ன பொண்ணு கேக்க வேண்டிய கேள்வியைப் பதிலோட முதல் வரியா மாத்தியிருக்கணும். 'வேலை அனுபவம் இன்னும் இல்ல, அதனால கடைசி வருச ப்ராஜெக்ட்டைச் சொல்றேன்', அஞ்சு நொடிதான் ஆகும். எந்த அர்த்தத்துல எடுத்துக்கிட்டான்னு எனக்குப் புரிஞ்சுடும். அடுத்து, தான் என்ன செஞ்சா, என்ன முடிவு வந்துதுன்னு ரெண்டு வரி. எப்படி நடந்துதுங்கிற கதை அதுக்கப்புறம். கதை வெட்டுப்பட்டாலும் முடிவு என் கைல இருக்கும். ஒன்றரை நிமிசத்துலயே முடிஞ்சுட்டா நிறுத்துற பட்டனை அழுத்திடலாம், மிச்ச நேரத்துக்காகச் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டாம்.

பெரும்பாலும் ஆரம்பத்துல பயிற்சிக் கேள்வி ஒண்ணு வரும், அது எங்களுக்கு வராது, மைக்கை அதுல சோதிச்சுக்கலாம். மறுபடி எடுக்க விடுறாங்களான்னு விதியை மட்டும் முதல்லயே படிச்சுக்கணும், சில இடத்துல ரெண்டாவதை எடுத்தா முதலாவது அழிஞ்சுடும்.

அப்புறம், ஆளே இல்லன்னு சொல்றீங்க பாருங்க, அது தப்பு. ஆள் இருக்கு, பின்னாடி வருது. அதனால என் ஓட்டு 'பின்காணல்'.

யாழ்ப்பாணத்து அண்ணன்:
எங்களிட்டை இது நேர்முகப் பரீட்சை. பின்காணல் எண்டால் பாக்கிறவருக்குச் சரி அக்கா, இருந்து கதைக்கிற பிள்ளை எதைக் காணுது? தன்ரை மூஞ்சியைத்தானே திரையிலை காணுது.

சென்னை ஹெச்ஆர் அக்கா:
அது உண்மை அண்ணா. லென்சைப் பாக்காம அந்தச் சின்னக் கட்டத்துலயே தன்னைப் பாத்துட்டு இருப்பாங்க. மறைக்க வசதி இல்லன்னா ஒரு துண்டுத்தாளை ஒட்டி மூடிடலாம்.

நெல்லை வாத்தியார்:
'பதிவு நேர்காணல்'னு போடலாமா?

கோவை தம்பி:
பதிவுன்னா ரிஜிஸ்ட்ரேசன்னு நினைச்சு ஆதாரைத் தூக்கிட்டு வருவானுங்க.

யாழ்ப்பாணத்து அண்ணன்:
அப்ப 'ஒருவழி நேர்காணல்'?

புலவர் ஐயா:
'ஒருவழியா நேர்காணல் முடிஞ்சுது'ன்னு பேச்சுல சொல்றோமே, அதோட குழம்பாதா?

நெல்லை வாத்தியார்:
குழம்பட்டும் ஐயா, அவங்களும் அப்படித்தான் பெருமூச்சு விடுறாங்க. மூணு பேர் ஒருவழிக்கு ஒத்துக்கிட்டதா எடுத்துக்கறேன், அக்காவோட முதல் வரி வித்தையை ரெண்டாம் பக்கத்துலயே போடுறேன். அச்சகத்துக்காரர் போன் பண்ணிட்டே இருக்கார்.

புலவர் ஐயா:
என் பேர் அந்த மூணுல இல்ல. அடிக்குறிப்புலயாவது எதிர்வினாவிலி வரட்டும்.