விமான நிலையத்து யூ.எஸ்.பி துளையை நம்பலாமா?

மீனா (ரோஸ் ஹில்): அடுத்த வாரம் ஜொகானஸ்பர்க் வழியாக டர்பனுக்குப் போகிறேன். நம் மொரீஷியஸ் சார்ஜரின் மூன்று செவ்வகக் கால்கள் அந்த ஊர்ச் சுவர்த் துளையில் நுழையாததால், சென்ற முறை இருக்கையோரம் இருந்த யூ.எஸ்.பி துளையில்தான் சார்ஜ் ஏற்றினேன். அதன் வழியே படங்களையும் எண்களையும் நகலெடுத்துவிடுவார்கள் என்று அக்கா பயமுறுத்துகிறார். உண்மையா?

சிவநேசன் (போர்ட் லூயி): அக்காவின் அச்சம் வீண். 2011-இல் டெஃப்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் எச்சரிக்கைக்காக ஒரு சார்ஜ் நிலையத்தை வைத்துக் காட்டிய நாள் முதல் இந்தப் பேச்சு ஓடுகிறது. ஆனால் பொது இடத்தில் ஒரு பயணியின் தரவு இப்படித் திருடப்பட்டது என்று உறுதியான நிகழ்வு ஒன்றையாவது யாரேனும் காட்டியதுண்டா? சார்ஜருக்குப் பதில் கணினி இருந்தால் ஐஃபோன் `Trust This Computer?` என்று கேட்கும், ஆண்ட்ராய்டோ தானாகவே சார்ஜ் மட்டும் ஏற்றும். நாம் சம்மதிக்காதவரை ஒரு படம்கூட வெளியே போகாது.

முருகவேள் (டர்பன்): ஐயா, உறுதியான நிகழ்வு இல்லை என்பதை ஏற்கிறேன், கைப்பேசி பழுதுபார்க்கும் என் மேசைக்கும் அப்படி ஒன்று வந்ததில்லை. ஆனால் "நாம் சம்மதிக்காதவரை" என்ற இடத்தில்தான் ஓட்டை இருந்தது. அந்தச் சம்மதத்தைச் சார்ஜரே கொடுத்துவிட முடியும் என்று ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் காட்டினார்கள்.

வழி இதுதான். போலி சார்ஜர் முதலில் தன்னை ஒரு விசைப்பலகை என்று கைப்பேசியிடம் சொல்லிக்கொள்கிறது. விசைப்பலகையை இணைக்கக் கைப்பேசிகள் பொதுவாக அனுமதி கேட்பதில்லை. அந்த விசைகளாலேயே அமைப்புகளுக்குள் போய் புளூடூத்தை இயக்கி, தனக்குள் இருக்கும் இரண்டாவது விசைப்பலகையைப் புளூடூத்தில் இணைத்துக்கொள்கிறது. பிறகு கம்பி வழியே கணினியாக வேடம் மாற்றுகிறது. இப்போது நீங்கள் சொன்ன கேள்வி திரையில் எழும். புளூடூத் விசைப்பலகை அதற்கு "ஆம்" என்று அழுத்திவிடும். நீங்கள் தேநீர் வாங்கும் வரிசையில் நிற்பீர்கள்.

பெரும்பாலான கைப்பேசிகளில் இது நடக்கத் திரை திறந்திருக்க வேண்டும். ஆகவே பூட்டிவிட்டுச் செருகுவதும், சார்ஜ் ஏறும்போது திறக்காதிருப்பதும் செலவில்லாத காவல். ஐ.ஓ.எஸ் 18.4 முதல் "ஆம்" மட்டும் போதாது, கடவுக்குறியும் கேட்கும். ஆண்ட்ராய்டு 15-இலும் அப்படியே, ஆனால் எல்லா நிறுவனங்களும் அதை ஒரே மாதிரி நடைமுறைப்படுத்தவில்லை.

தேவகி (செயின்ட் டெனி): தரவைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்குக் கைப்பேசியே போய்விட்டது! ஒரு பேருந்து நிலையத்தில் சார்ஜில் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வந்தேன். கம்பி மட்டும் தொங்கியது. அது பூட்டியும்தான் இருந்தது, என்ன பயன்?

சிவநேசன்: அம்மா சொல்வதுதான் உண்மையான ஆபத்து. முருகவேள் சொல்வது ஆய்வுக்கூடத்து வித்தை. இருப்பினும் மீனாவுக்கு மனம் கேட்காவிட்டால், தரவுக் கம்பி இல்லாத, சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும்.

முருகவேள்: நல்ல யோசனைதான், ஆனால் உறைமீது எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். வீட்டுக் கணினியில் அந்தக் கேபிளால் கைப்பேசியைச் செருகி, திரையைத் திறந்து பாருங்கள். கணினியில் கைப்பேசியின் பெயர் தோன்றினாலோ, கைப்பேசி அனுமதி கேட்டாலோ, அதில் தரவுக் கம்பி இருக்கிறது. சார்ஜ் ஏறுவதைத் தவிர வேறெதுவும் நடக்கக் கூடாது. இத்தகைய கேபிளில் சார்ஜ் மெதுவாக ஏறலாம், ஏனெனில் சில விரைவு சார்ஜர்கள் மின்னழுத்தத்தைப் பேசி முடிவுசெய்வதே அந்தத் தரவுக் கம்பிகள் வழியாகத்தான்.

மீனாவின் சிக்கல் உண்மையில் செருகியில்தான் தொடங்குகிறது. எங்கள் பழைய சுவர்த் துளைகள் தடித்த மூன்று உருண்டைக் கால்களுக்கானவை. அதற்கேற்ற அடாப்டர் ஒன்று வாங்கினால் சொந்தச் சார்ஜரையே பயன்படுத்தலாம். சுவரிலிருந்து மின்சாரம் மட்டுமே வரும், தரவு பேச அங்கே யாரும் இல்லை. புதிய துளைகளில் மெல்லிய இரண்டு உருண்டைக் கால் சார்ஜர் அடாப்டர் இல்லாமலே நுழையும்.

மீனா: பவர் பேங்க் எடுத்துப்போனால் இந்தத் தொல்லையே இல்லையே? என்னிடம் இருப்பது 20,000 மில்லி ஆம்பியர் மணி.

முருகவேள்: எடுத்துப்போங்கள். அது 20 ஆம்பியர் மணி, 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. விமானங்களில் பொதுவான வரம்பு 100. ஆனால் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. அது தீர்ந்தால் பொதுத் துளையில் பவர் பேங்கைச் செருகுங்கள். அதில் திருட உங்கள் படங்கள் ஏதுமில்லை.

சிவநேசன்: அதையும் யாராவது தூக்கிக்கொண்டு போனால்?

தேவகி: கேட்காதீர்கள் ஐயா, கம்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.